இறக்குமிடத்தில் நின்ற நேரத்துக்குக் கட்டணம்: கடிகாரம் ஓடத் தொடங்கியது எப்போது?

கேள்வி: "எங்கள் லாரிகள் ஒரு வாடிக்கையாளரின் கிடங்கில் சரக்கை இறக்க மணிக்கணக்கில் நிற்கின்றன. 'சரக்கு இறக்க மூன்று மணி நேரம் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அல்லது அதன் பகுதிக்கும் காத்திருப்புக் கட்டணம்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் பில் அனுப்பினால், 'இறக்கவே மூன்று மணி நேரம் ஆகவில்லையே' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எப்படிக் கேட்டால் பணம் வரும்?"

நீங்களும் அவர்களும் ஒரே வாக்கியத்தைத்தான் படிக்கிறீர்கள். பார்க்கும் கடிகாரங்கள்தான் வேறு. வண்டி அவர்கள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த நிமிடத்திலிருந்து நீங்கள் எண்ணுகிறீர்கள். வண்டியின் பின்கதவு மேடையில் திறந்த நிமிடத்திலிருந்து அவர்கள் எண்ணுகிறார்கள். இடையில் கிடக்கும் நான்கைந்து மணி நேரம் யாருடைய கணக்கு என்பதை உங்கள் ஒப்பந்தம் நேரடியாகச் சொல்லவில்லை. ஆகவே விகிதத்தைப் பற்றியோ, மொத்தத் தொகையைப் பற்றியோ வாதாடுவதற்கு முன்னால், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது, எப்போது நின்றது என்ற இரண்டையும் அவர்களால் மறுக்க முடியாதபடி நிறுவ வேண்டும். போக்குவரத்துப் பில்களைப் பார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: திரும்பி வந்த காத்திருப்புப் பில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு நேரங்களில் ஒன்று பலவீனமாக இருந்ததால்தான் திரும்பின.

முதலில் அவர்களுடைய வாதத்தை எடுத்துக்கொள்வோம். "சரக்கு இறக்க மூன்று மணி நேரம்" என்றால் இறக்கும் வேலைக்கு மட்டும் மூன்று மணி நேரம் என்று அவர்கள் பொருள் கொள்கிறார்கள். சொற்களை மட்டும் பார்த்தால் அது முற்றிலும் தவறான வாசிப்பு என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் கோபப்பட்டு எழுதும் கடிதம் பயன் தருவதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே இருப்பது "காத்திருப்புக் கட்டணம்". இறக்கும் வேலை தொடங்கிய பிறகுதான் நேரம் எண்ணப்படும் என்றால், வண்டி வாசலில் இரண்டு நாள் நின்றாலும் காத்திருப்பு என்ற ஒன்றே எழாது. காத்திருப்புக்காகவே எழுதப்பட்ட ஒரு நிபந்தனை, காத்திருப்புக்கு ஒருபோதும் பொருந்தாது என்று ஆகிவிடும். ஒரு நிபந்தனையை வெற்றுச் சொல்லாக்கிவிடும் வாசிப்பை விட, அதற்கு வேலை கொடுக்கும் வாசிப்பே ஏற்கத்தக்கது என்பது ஒப்பந்தங்களைப் பொருள்கொள்வதில் பரவலாக ஏற்கப்பட்ட முறை. இதை உங்கள் கடிதத்தில் இரண்டே வாக்கியங்களில், குரலை உயர்த்தாமல் எழுதுங்கள். அவர்களுடைய போக்குவரத்து மேலாளருக்கு இது புரியும். புரிந்தபின் அவர் தன் கணக்குப் பிரிவுக்கு எடுத்துச் சொல்லவும் இது எளிதாக இருக்கும்.

தொடக்க நேரத்துக்கு நான்கு போட்டியாளர்கள் உண்டு. வண்டி வளாகத்துக்கு அருகே வந்து நின்ற நேரம், ஓட்டுநர் வாசல் அறையில் தாள்களைக் கொடுத்துத் தன் வருகையைச் சொன்ன நேரம், காவலர் அதைப் பதிவேட்டில் எழுதிய நேரம், மேடைக்கு அழைக்கப்பட்ட நேரம். இவற்றில் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். முதலாவதை வாடிக்கையாளர் அறிய வழியில்லை. சாலையோரத்தில் நீங்கள் நிறுத்தியிருக்கும் வண்டிக்காக அவர் மேடையைத் தயார் செய்ய முடியாது. நான்காவது, மேலே சொன்னபடி, நிபந்தனையையே விழுங்கிவிடும். மூன்றாவது அவர்கள் கையெழுத்தில் இருப்பதால் வலுவானது. ஆனால் வாசலில் நீண்ட வரிசை நிற்கும் நாளில், காவலர் பத்து வண்டிகளின் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தைப் போட்டுவிடுவார். இரண்டாவது நேரத்துக்குச் சான்று கிடைக்காத நாட்களில் மூன்றாவதை ஏற்றுக்கொண்டு பில் போடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக முழுப் பில்லையும் வழக்காக்க வேண்டியதில்லை.

கப்பல் வணிகத்தில் இந்தச் சண்டையை நெடுங்காலம் முன்பே போட்டு முடித்துவிட்டார்கள். கப்பல் துறைமுகத்தை அடைந்ததும், சரக்கைக் கையாளத் தயார் என்று கப்பல் தலைவர் எழுத்தில் ஒரு தயார்நிலை அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். சரக்கைக் கையாள அனுமதிக்கப்பட்ட நேரம் அந்த அறிவிப்பை ஒட்டியே ஓடத் தொடங்கும். வந்து சேர்ந்திருப்பதும் தயாராக இருப்பதும் தனித்தனி நிபந்தனைகள். இரண்டும் நிறைவேற வேண்டும். லாரிக்கும் இதே தர்க்கம் பொருந்தும். உங்கள் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது, ஆனால் ஓட்டுநரிடம் சரக்குப் பட்டியல் இல்லை, அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வருவதற்காகக் காத்திருக்கிறார் என்றால், வண்டி வந்திருக்கிறது, தயாராக இல்லை. அந்த நேரத்தை நீங்கள் கேட்க முடியாது.

முன்பதிவு செய்த நேரம் இருக்கும் இடங்களில் இன்னொரு கேள்வி வரும். பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கும்போது உங்கள் வண்டி ஒன்பதுக்கே போய் நின்றால், கடிகாரம் பத்துக்குத்தான் தொடங்கும்; முன்கூட்டியே வந்தது உங்கள் வசதி. தாமதமாகப் போனால் நிலைமை சிக்கலாகும். பத்து மணி நேரத்தைத் தவறவிட்டுப் பதினொன்றரைக்குப் போன வண்டிக்கு அவர்கள் மதியம் இரண்டு மணியைப் புதிய நேரமாகக் கொடுத்தால், இரண்டு மணியிலிருந்தே எண்ணுவது நியாயம் என்பது என் கருத்து. புதிய நேரம் எதையும் கொடுக்காமல், "காத்திருங்கள், கூப்பிடுகிறோம்" என்று மட்டும் சொன்னால், வருகையைச் சொன்ன நேரத்திலிருந்து எண்ணலாம். தாமதமாக வந்த வண்டிக்கு இலவச நேரமே கிடையாது, நாள் முழுவதும் நிறுத்தி வைப்போம் என்று அவர்கள் சொல்ல வேண்டுமானால், அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

முடிவு நேரத்தில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். கடைசிப் பெட்டி இறங்கிய நேரத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் வண்டி கிளம்ப முடியாது. எண்ணிக்கை சரிபார்த்து, பி.ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் சரக்குப் பெற்ற ஒப்புகையில் கையெழுத்தும் முத்திரையும் இட்டுக் கொடுத்த பிறகுதான் ஓட்டுநருக்கு விடுதலை. அந்தத் தாள் இல்லாமல் அவர் வெளியே வந்தால் உங்கள் சரக்குக் கட்டணப் பில்லே நிற்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே, வண்டி வாடிக்கையாளரின் பிடியிலிருந்து விடுபட்ட நேரம் என்பது ஒப்புகை கைக்கு வந்த நேரமே. அதற்குப் பிறகு வாசலைத் தாண்ட ஆகும் பத்துப் பதினைந்து நிமிடங்களை நான் எப்போதும் கேட்டதில்லை. கேட்டால் கிடைக்கலாம், ஆனால் அந்தச் சில நிமிடங்கள் பில் முழுவதையும் பேராசை போலக் காட்டிவிடும்.

இப்போது ஒரு நாளை எடுத்து, நிமிடங்களோடு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. முன்பதிவு நேரம் காலை 10.00. வண்டி 9.20-க்கு வளாகத்தின் வெளியே நிற்கிறது. 9.35-க்கு ஓட்டுநர் வாசல் அறையில் தாள்களைக் கொடுக்கிறார். காவலர் பதிவேட்டில் எழுதியது 10.35. மேடைக்கு அழைப்பு 14.10. இறக்கத் தொடங்கியது 14.30. 15.15-க்கு வேலை நிற்கிறது; உள்ளே இரண்டு பலகை அடுக்குகள் சரிந்து கிடக்கின்றன, கட்டியது உங்கள் ஆட்கள், அவற்றைக் கையால் பிரித்து அடுக்கி 16.00-க்கு மீண்டும் தொடங்குகிறார்கள். கடைசிப் பலகை இறங்கியது 16.50. ஒப்புகை கைக்கு வந்தது 17.40.

உங்கள் கணக்கு இப்படி அமைய வேண்டும். வருகையைச் சொன்னது 9.35 என்றாலும், முன்பதிவு பத்து என்பதால் தொடக்கம் 10.00. முடிவு 17.40. மொத்தம் 7 மணி 40 நிமிடம். இதில் அடுக்குச் சரிந்ததால் போன 45 நிமிடம் உங்கள் தவறு. அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே கழித்துக் காட்டுங்கள். மீதி 6 மணி 55 நிமிடம். இலவச நேரம் 3 மணி. கட்டணத்துக்கு உரியது 3 மணி 55 நிமிடம். உங்கள் ஒப்பந்தத்தில் "அல்லது அதன் பகுதிக்கும்" என்ற சொற்கள் இருப்பதால் அது நான்கு மணி நேரமாகக் கணக்காகும். அந்தச் சொற்கள் இல்லாமல் "முழுமையான ஒவ்வொரு மணி நேரத்துக்கும்" என்று இருந்திருந்தால் மூன்று மணி நேரம்தான் வரும்.

அதே நாளை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் முன்னமே போட்டுப் பாருங்கள். பதிவேட்டு நேரமான 10.35-லிருந்து கடைசிப் பலகை இறங்கிய 16.50 வரை 6 மணி 15 நிமிடம். 45 நிமிடத்தைக் கழித்தால் 5 மணி 30 நிமிடம். இலவச நேரம் போக 2 மணி 30 நிமிடம். பகுதி மணியைச் சேர்த்தால் மூன்று மணி நேரம். இப்போது திருப்பி அனுப்புகிறார்களே, அந்த வாசிப்பின்படி 14.30 முதல் 16.50 வரை 2 மணி 20 நிமிடம்தான், மூன்று மணிக்குள் அடங்கிவிட்டது, கட்டணம் சுழியம். ஆக, நான்கு, மூன்று, சுழியம் என்று மூன்று விடைகள் ஒரே நாளில் ஒளிந்திருக்கின்றன. நான்குக்கும் மூன்றுக்கும் நடுவே உள்ள ஒரு மணி நேரத்தைப் பேசித் தீர்க்கலாம், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். மூன்றுக்கும் சுழியத்துக்கும் நடுவே உள்ளதுதான் கொள்கைப் பிரச்சினை. அங்கே ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அடுத்த வண்டிக்கும் அதுவே முன்மாதிரி ஆகிவிடும். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது எதில் இறங்கலாம், எதில் இறங்கக் கூடாது என்பது இந்தக் கணக்கைப் போட்டவருக்குத்தான் தெரியும்.

இந்தக் கணக்கில் வரும் 45 நிமிடத்தைப் பற்றி ஒரு சிறு விளக்கம். கப்பல் வணிகத்தில், கணக்கு ஒருமுறை தாமதக் கட்டணத்துக்குள் நுழைந்துவிட்டால் பிறகு அதிலேயே தொடரும் என்றொரு பழைய கோட்பாடு உண்டு. அதை எங்கோ கேட்டுவிட்டு, இலவச நேரம் தீர்ந்த பிறகு நடந்த எதையும் கழிக்க வேண்டியதில்லை என்று சிலர் வாதாடுவார்கள். அந்தக் கோட்பாடு, மழை, விடுமுறை போன்ற விலக்குகள் அனுமதிக்கப்பட்ட நேரத்தைத்தான் நிறுத்தி வைக்கும், அது தீர்ந்த பிறகு ஓடும் தாமதக் கட்டணத்தை நிறுத்தாது என்பதைப் பற்றியது. கப்பல்காரரின் சொந்தத் தவறால் போன நேரத்தை அங்கேயும் அவர் கேட்க முடியாது. உங்களுக்கு அந்தக் கோட்பாட்டால் பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது: இலவச நேரம் வேலை நேரத்தில் மட்டுமே ஓடும் என்று ஒப்பந்தம் சொல்லி, அது மாலை ஐந்துக்குத் தீர்ந்து, ஆறு மணிக்குக் கிடங்கை மூடிவிட்டால், இரவு முழுவதும் கட்டணம் ஓடுமா என்ற கேள்வி எழும். லாரி ஒப்பந்தங்களில் அந்தக் கோட்பாடு தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. ஆகவே அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, "இலவச நேரம் வேலை நேரத்தில் மட்டும் எண்ணப்படும், அது தீர்ந்த பின் காத்திருப்பு நேரம் இடைவிடாது எண்ணப்படும்" என்றோ, அதற்கு எதிராகவோ, ஏதாவது ஒன்றை எழுதியே ஆக வேண்டும். இரவுக்குத் தனியாக ஒரு நிலையான தொகை வைப்பதும் உண்டு. அதுதான் குறைந்த சண்டையில் முடியும்.

இனி சான்றுக்கு வருவோம். இதில் நீங்கள் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், அது பி.ஓ.டி.யில் ஒரு வரி. ஒப்புகைத் தாளில் பெறுபவர் கையெழுத்திடும் இடத்துக்கு நேர் மேலே நான்கு கட்டங்களை அச்சிடுங்கள்: வருகை சொன்ன நேரம், மேடை நேரம், இறக்கி முடித்த நேரம், தாள் கொடுத்த நேரம். முதல் மூன்றையும் ஓட்டுநர் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். கையெழுத்து விழும்போது நான்காவது நிரம்பும். கட்டங்கள் கையெழுத்துக்கு மேலே இருப்பதால், கையெழுத்து அந்த நேரங்களுக்கும் சேர்த்தே இடப்பட்டதாகிறது. தாளின் மறுபக்கத்தில், அல்லது கையெழுத்துக்குக் கீழே, ஓட்டுநர் பிறகு எழுதிக் கொண்டுவரும் நேரங்களுக்கு மதிப்பு மிகக் குறைவு; "எங்கள் ஆள் கையெழுத்திட்டபோது இது இல்லை" என்ற ஒரு வாக்கியம் அதை முடித்துவிடும். ஒரே பேனாவில், ஒரே வேகத்தில், நான்கு நேரங்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தாலும் படிக்கிறவர் சந்தேகப்படுவார். அந்தந்த நேரத்தில் எழுதிய தாள், மை மாறி, எழுத்துச் சாய்ந்து, சற்று அழுக்காகத்தான் இருக்கும்.

நேரத்தைக் குறிக்கவோ, நேரம் குறித்த தாளில் கையெழுத்திடவோ மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது ஓட்டுநர் வாக்குவாதத்தில் இறங்கக் கூடாது. வாசல் அறையின் பெயர்ப்பலகையும் வண்டி எண்ணும் தெரியும்படி ஒரு படம் எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அந்த நிமிடமே அனுப்ப வேண்டும். படத்தைக் காட்டிலும், அது அனுப்பப்பட்ட செய்தியின் நேரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். கைப்பேசிப் படத்தின் நேரத்தைக் கைப்பேசியின் அமைப்பில் மாற்றலாம், போய்ச் சேர்ந்த செய்தியின் நேரத்தை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. பிறகு, அலுவலகத்திலிருந்து நீங்கள் வாடிக்கையாளரின் போக்குவரத்துப் பிரிவுக்கு, "எங்கள் வண்டி 9.35-க்கு வருகை சொல்லிவிட்டது, பதிவு இன்னும் ஆகவில்லை" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மறுப்பு வராத அந்த ஒரு வரி, மாதக் கடைசியில் எழுதப்படும் இரண்டு பக்கக் கடிதத்தை விட வலுவானது.

ஜி.பி.எஸ். அறிக்கையை எல்லோரும் பிரம்மாஸ்திரமாக நினைக்கிறார்கள். அது வண்டி எங்கே இருந்தது என்று சொல்லும். தயாராக இருந்ததா, ஓட்டுநர் வருகையைச் சொன்னாரா என்று சொல்லாது. வரைபடத்தில் வாடிக்கையாளர் வளாகத்தைச் சுற்றிப் போடும் வட்டம் பெரிதாக இருந்தால், வெளியே சாலையோரத்தில் ஓட்டுநர் தூங்கிய நேரமும் உள்ளே வந்ததாகவே பதிவாகும். இன்னொன்று, நான் நேரில் பட்டது. ஒரு பில்லோடு இணைத்த அறிக்கையில் எல்லா நேரங்களும் பி.ஓ.டி.யோடு பொருந்தாமல், ஆனால் எல்லாம் ஒரே அளவில் விலகியிருந்தன. கருவி உலகப் பொது நேரத்தில் பதிவு செய்திருந்தது. அறிக்கை எடுத்த பையன் உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் அமைப்பைத் தொடவே இல்லை. வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்து, எங்கள் சான்றுகள் எதுவும் நம்பத்தக்கவை அல்ல என்று எழுதினார். பில் நியாயமானதுதான், ஆனாலும் அந்த மாதம் தலை குனிய வேண்டியதாயிற்று. இப்போது அறிக்கையில் ஏதாவது ஒரு நேரத்தையாவது பி.ஓ.டி. நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் இணைப்பதில்லை.

சான்றுக்கு நிகரான எடை, இலவச நேரம் தீரும் முன்பே கொடுக்கும் அறிவிப்புக்கு உண்டு. ஒப்பந்தம் கேட்காவிட்டாலும் அனுப்புங்கள். நம் எடுத்துக்காட்டில் இலவச நேரம் 13.00-க்குத் தீர்கிறது, 12.30-க்கு அனுப்பும் செய்தி இவ்வளவு இருந்தால் போதும்:

"வாகன எண் …, ஆணை எண் …: முன்பதிவு 10.00, வருகை அறிவித்தது 9.35. வாகனம் இறக்கத் தயாராக உள்ளது. மேடை இன்னும் ஒதுக்கப்படவில்லை. ஒப்பந்தப் பிரிவு … இன்படி 3 மணி நேர இலவச நேரம் 13.00-க்கு முடிவடைகிறது. அதன்பின் காத்திருப்புக் கட்டணம் கணக்கிடப்படும். இயன்றால் அதற்குள் மேடை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பது சொற்களைப் போலவே பொருட்டு. கிடங்குப் பொறுப்பாளருக்கு மட்டும் அனுப்பினால் அது அங்கேயே புதைந்துவிடும். தாமதத்துக்குக் காரணமே அவர்தான், அதை மேலே சொல்ல அவருக்கு எந்த அவசரமும் இல்லை. உங்கள் பில்லை ஒப்புதல் செய்யும் போக்குவரத்து மேலாளருக்கும் சேர்த்து அனுப்புங்கள். பாதி நேரம் இந்தச் செய்தி போன பத்து நிமிடத்தில் வண்டிக்கு மேடை கிடைத்துவிடும். கட்டணம் கிடைப்பதை விட வண்டி கிளம்புவது நல்லது என்பதை நாம் மறக்கக் கூடாது. எந்த வண்டியும் நின்று பணக்காரன் ஆனதில்லை.

பில்லைச் சரக்குக் கட்டணப் பில்லோடு சேர்க்காதீர்கள். ஒரே பில்லில் இரண்டையும் போட்டு, காத்திருப்புத் தொகையில் கேள்வி எழுந்தால், கணக்குப் பிரிவு முழுப் பில்லையும் நிறுத்தி வைக்கும். சிறு தொகைக்காகப் பெருந்தொகை மாட்டிக்கொள்ளும். தனிப் பில்லாக, பயண எண், வாகன எண், அவர்களுடைய ஆணை எண் ஆகியவற்றோடு அனுப்புங்கள். வண்டி விடுபட்ட மறுநாளே கணக்கை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் கேளுங்கள். ஒப்புதல் வந்ததும் பில் போடுங்கள். பல நிறுவனங்களில் ஆணையில் காத்திருப்புக்கென்று ஒரு வரி இல்லாவிட்டால் கணக்குப் பிரிவால் பணம் விடவே முடியாது. அங்கே உங்களை மறுப்பது மனிதர் அல்லர், அவர்களுடைய மென்பொருள்; ஆகவே கூடுதல் ஆணை வரி ஒன்றைப் போட்டுத் தரும்படி போக்குவரத்துப் பிரிவைக் கேட்க வேண்டும்.

அந்த மின்னஞ்சலின் உடல் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். மேற்கண்ட ஆணையின் கீழ் … தேதியில் தங்கள் கிடங்குக்கு வந்த வாகனத்தின் நேர விவரத்தைத் தங்கள் ஒப்புதலுக்கு அனுப்புகிறோம். முன்பதிவு நேரம் 10.00 என்பதால் கணக்கு அதிலிருந்து தொடங்குகிறது. கையெழுத்திட்ட ஒப்புகை 17.40-க்கு வழங்கப்பட்டது. இடையில் 15.15 முதல் 16.00 வரை சரக்கு அடுக்குச் சரிந்ததால் ஏற்பட்ட 45 நிமிடத் தாமதம் எங்களைச் சார்ந்தது, அது கழிக்கப்பட்டுள்ளது. நிகர நேரம் 6 மணி 55 நிமிடம். பிரிவு … இன்படி இலவச நேரம் 3 மணி. கட்டணத்துக்குரிய நேரம் 3 மணி 55 நிமிடம், அதாவது 4 மணி நேரம். ஒப்பந்த விகிதப்படி தொகை …. நேரம் குறித்த ஒப்புகையும் அன்று 12.30-க்கு அனுப்பிய அறிவிப்பும் இணைக்கப்பட்டுள்ளன. இவற்றில் எந்த நேரமாவது தங்கள் பதிவேட்டோடு மாறுபட்டால், அந்தப் பக்கத்தின் படத்தை … தேதிக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "ஏற்றுக்கொள்ள முடியாது" என்ற மொட்டையான மறுப்புக்கு அது இடம் வைக்கவில்லை. எந்த நேரம் தவறு, அதற்கு என்ன ஆதாரம் என்று சொல்லும் வேலையை அவர்கள் பக்கம் நகர்த்துகிறது. கடிதத்தில் தாமதத்தின் காரணத்தை நீங்கள் ஆராயவில்லை என்பதையும் பாருங்கள். அவர்களிடம் ஆள் இல்லையா, ஃபோர்க்லிஃப்ட் பழுதா, முந்தைய வண்டி தாமதமா என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். கட்டணத்துக்குத் தேவை, நேரம் கடந்தது என்பதும் அதற்கு நீங்கள் காரணம் அல்ல என்பதும்தான். "உங்கள் நிர்வாகச் சீர்கேட்டால்" என்று ஒரு சொல் எழுதிவிட்டால், அவர்கள் கணக்குக்குப் பதில் சொல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்வார்கள்.

அவர்களிடமிருந்து வரக்கூடிய இன்னொரு பதில், "போன வாரம் மூன்று வண்டிகளை ஒரே மணி நேரத்தில் இறக்கிக் கொடுத்தோமே, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்பது. மாத இறுதியில் எல்லா வண்டிகளின் நேரத்தையும் கூட்டிச் சராசரி பார்க்கும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. உங்களுடையது அப்படிச் சொல்லவில்லை என்றால் ஒவ்வொரு வண்டிக்கும் அதனதன் கணக்குத்தான். அதேபோல், காத்திருப்பால் அடுத்த பயணம் தவறிவிட்டது என்று அந்த இழப்பையும் இதே பில்லில் சேர்க்க உங்களுக்கும் ஆசை வரும். சேர்க்காதீர்கள். மணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டதன் பொருளே, நின்ற நேரத்தின் இழப்பை ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டாம் என்பதுதான். அந்த வசதியையும் எடுத்துக்கொண்டு, தனி இழப்பையும் கேட்டால், இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நீங்கள் இதுவரை பல மாதங்கள் கேட்காமல் விட்டிருந்தால், பழைய நாட்களை மொத்தமாகக் கிளறாதீர்கள். நான் ஒருமுறை ஆறு மாதக் காத்திருப்பை ஒரே கட்டாக அனுப்பினேன். பதிவேடுகள் மாறியிருந்தன, பொறுப்பாளர் மாறியிருந்தார், எங்கள் ஓட்டுநர்களில் இருவர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். பதிலாக வந்தது ஒரு கேள்வி: இத்தனை நாள் கேட்காதது, வேண்டாம் என்று விட்டதாகத்தானே பொருள்? அதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. அதைவிட மோசம், அந்தக் கட்டைச் சரிபார்க்கும் வரை நடப்புச் சரக்குக் கட்டணமும் தாமதமானது. இப்போதென்றால், "வரும் மாதம் முதல் தேதியிலிருந்து பிரிவு … இன்படி கணக்கிடுவோம்" என்று ஒரு கடிதம் கொடுத்து, கையில் முழுச் சான்று உள்ள சமீபத்திய ஒன்றிரண்டு வண்டிகளை மட்டும் அதோடு அனுப்புவேன்.

ஓட்டுநரைப் பற்றி ஒரு சொல். இந்த ஏற்பாடு முழுவதும் அவர் கையில் இருக்கும் ஒரு பேனாவை நம்பி நிற்கிறது. வசூலாகும் காத்திருப்புத் தொகையில் அவருக்குப் பங்கு தரலாமா என்று சிலர் கேட்பார்கள். பங்கு தந்தால் நேரம் குறிப்பார், மெய்தான். வண்டியைச் சற்று மெதுவாக நகர்த்தவும் மனம் வரும். அதற்குப் பதிலாக, வண்டி நின்றதோ இல்லையோ, நான்கு கட்டங்களும் நிரம்பிய ஒவ்வொரு பி.ஓ.டி.க்கும் ஒரு சிறு நிலையான தொகை கொடுங்கள். அப்போது தாமதமில்லாத நாட்களின் நேரங்களும் உங்களிடம் சேரும். "உங்கள் கிடங்கில் சாதாரணமாக எங்கள் வண்டி இரண்டரை மணி நேரத்தில் கிளம்புகிறது; கேட்பது இந்த நான்கு வண்டிகளுக்கு மட்டும்தான்" என்று அந்தத் தாள்களை மேசையில் பரப்பிக் காட்ட முடிந்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் மேலாளர் விவாதிக்கப் போவது தொகையைப் பற்றி அல்ல, அந்த நான்கு நாட்களில் தன் கிடங்கில் என்ன நடந்தது என்பதைப் பற்றி.

உடனடியாகச் செய்ய வேண்டியதாக, தொடக்கத்தையும் முடிவையும் பெயர் சொல்லிக் குறிக்கும் ஒரு வரித் திருத்தத்தை ஒப்பந்தத்துக்கு முன்மொழியுங்கள்: "முன்பதிவு நேரம் அல்லது ஓட்டுநர் வாசலில் வருகை அறிவித்த நேரம், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து, கையெழுத்திட்ட ஒப்புகை ஓட்டுநரிடம் வழங்கப்படும் வரை, போக்குவரத்தாளரால் ஏற்பட்ட தாமதம் நீங்கலாக." அவர்கள் இலவச நேரத்தை மூன்றிலிருந்து நான்கு மணியாக உயர்த்தினால்தான் கையெழுத்திடுவோம் என்று பேரம் பேசினால், நான் ஒப்புக்கொள்வேன். மேலே போட்ட நாளில் அப்போதும் 2 மணி 55 நிமிடம் மிஞ்சுகிறது, மூன்று மணி நேரக் கட்டணம் வருகிறது. இன்று உங்களுக்கு வந்துகொண்டிருப்பது சுழியம்.